மூன்று பேரைத் தொட்டால் ஐந்து புள்ளி எப்படி? ஒரு கபடி ஹைலைட்ஸ் வெட்டிய பதிவு

கோபிக்கும் சத்திக்கும் நடுவே, வாய்க்கால் பாசனத்து ஊர் ஒன்றில் பொங்கலுக்கு மூன்றாம் நாள் ராத்திரி நடந்த கபடி இறுதிப் போட்டி. அறுப்பு முடிந்த வயலைச் சமன்படுத்தி, செம்மண் கொட்டி, தண்ணி தெளித்து இறுக்கிய களம். நாலு மூலைக்கும் கம்பம் நட்டு எல்இடி ஃபோகஸ் லைட். நான் கல்யாண வீடியோ எடுக்கிறவன். விழாக் குழு அண்ணன் ஒருத்தர், "தம்பி, முழு மேட்ச்ச யாரும் பாக்க மாட்டாங்க. கடைசி ஆறு நிமிசத்துலதான் ஆட்டமே இருக்குது. அத ரெண்டு ரெண்டரை நிமிசத்துக்குள்ள, ஸ்கோரோட, வர்ணனையோட குடுத்துருங்க" என்றார். ஒரு நாள் வேலை என்று நினைத்து ஒத்துக்கொண்டேன். ஆறு நாள் ஆனது. அந்த ஆறு நாளில் என்னென்ன தப்பாகப் போனது, எப்படிச் சரிபண்ணினேன் என்பதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

அணிகளைச் சட்டை நிறத்தால் சொல்கிறேன்: சிவப்பு, நீலம். ஆறு நிமிடம் மீதி இருக்கும்போது சிவப்பு 24, நீலம் 29. களத்தில் சிவப்பில் மூன்றே பேர், நீலத்தில் ஏழு பேரும். முடிவில் சிவப்பு 37, நீலம் 33. கதை நல்ல கதைதான். என் முதல் வெட்டில் அது யாருக்கும் புரியவில்லை.

அப்பாரு கேட்ட கேள்வி

முதல் வெட்டு 2 நிமிடம் 50 வினாடி. ஒன்பது இடத்தில் ஸ்லோமோஷன் வைத்திருந்தேன். தாலி கட்டும்போதும் அட்சதை விழும்போதும் மெதுவாக ஓட்டிப் பழகிய கை, வேறென்ன செய்யும். மேல் மூலையில் ஸ்கோர் பலகை, கீழே வர்ணனை. வீட்டில் டிவியில் போட்டுக் காட்டினேன். அப்பாரு இளவட்டத்தில் சடுகுடு ஆடியவர். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கடைசி வரைக்கும் பார்த்தார்.

"ஏங்கண்ணு, அவன் மூணு பேரத்தான தொட்டான்? நம்பரு முப்பத்திரண்டுல இருந்து முப்பத்தேழுன்னு ஓடுது. அஞ்சு எப்பிடி வந்துச்சு?"

"ஆல் அவுட்டுக்கு ரெண்டு கூடக் குடுப்பாங்க அப்பாரு."

"அத எனக்கு இப்ப நீ சொல்ற. அந்தப் பொட்டி சொல்லுலியே."

அதோடு விடவில்லை. தொடக்கத்தில் ஒரே ஒரு ஆளைப் பிடித்ததற்கு ஸ்கோர் இரண்டு ஏறியது ஏன் என்றார். அடுத்த கேள்விதான் என்னை உட்கார வைத்தது: "அந்தப் பையன் ரெண்டுவாட்டி பாடிப் போனானா?" ஒரு தடவைதான் போனான். நான்தான் ஸ்லோமோவில் அதையே மறுபடி காட்டி, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்கோரையும் மாற்றியிருந்தேன். அவர் அதை இன்னொரு ரைடு என்றே எடுத்துக்கொண்டார்.

கபடியில் ஸ்கோர் எண் மட்டும் போதாது. களத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதுதான் அடுத்த ரைடின் மதிப்பையே தீர்மானிக்கிறது. தடுக்கும் அணியில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது ரைடரைப் பிடித்தால் சூப்பர் டேக்கிள், ஒன்றுக்குப் பதில் இரண்டு புள்ளி. ஆறு பேரோ ஏழு பேரோ நின்றால்தான் போனஸ் கோடு உயிரோடு இருக்கும். அத்தனை பேரும் வெளியேறினால் எதிரணிக்குக் கூடுதலாக இரண்டு. முழு மேட்ச் பார்க்கிறவர் இதையெல்லாம் கண்ணாலேயே எண்ணிக்கொள்வார். நடுவில் ஐந்து ரைடை வெட்டி எறிந்த வீடியோவைப் பார்க்கிறவருக்கு எண்ண வழியே இல்லை. 2014 முதல் ப்ரோ கபடியை டிவியில் பார்க்கும் இளவட்டங்களுக்கு விதி தெரியும். ஆனால் தெரிந்தவர்களுக்கும் அந்த நொடியில் களத்தில் மூன்று பேர்தான் என்பதை ஏதாவது ஒன்று சொல்லியாக வேண்டும்.

ஆகவே ஸ்கோர் பலகையை முதலிலிருந்து கட்டினேன். ஒவ்வொரு அணிக்கும் எண்ணை ஒட்டி ஏழு வட்டம். ஆள் உள்ளே இருந்தால் நிறைந்த வட்டம், வெளியே போனால் வெற்று வட்டம்.

ஸ்கோரை எங்கிருந்து எடுப்பது

முதல் வெட்டுக்கு முன்னாலேயே இன்னொரு பிழையில் விழ இருந்தேன். ஆட்டத்தின்போது பையன்கள் இருவர் மாற்றிக்கொண்டிருந்த தகர எண் பலகையை என் கேமரா அடிக்கடி பிடித்திருந்தது. அதைப் பார்த்து எழுதிக்கொண்டே வந்தேன். கடைசியில் என் கணக்கு 36–33. அறிவித்தது 37–33.

நல்ல வேளை, போட்டி முடிந்த கையோடு மேசையில் இருந்த ஸ்கோர் தாளை போனில் படம் பிடித்து வைத்திருந்தேன். அதையும் வீடியோவையும் வைத்துக்கொண்டு, ரைடு ரைடாக ஒரு நோட்டில் எழுதினேன். எந்த ரைடு, என்ன நடந்தது, ஸ்கோர், இரு பக்கமும் ஆள் எண்ணிக்கை. கடைசி ஆறு நிமிடத்துக்கு அது இப்படி வந்தது.

தொடக்கம்: 24–29, ஆள் 3–7.
1. நீல ரைடு, சூப்பர் டேக்கிள்: 26–29, ஆள் 4–6.
2. சிவப்பு ரைடு, போனஸும் ஒரு தொடுதலும்: 28–29, ஆள் 5–5.
3. நீலம் ஒருவரைத் தொட்டது: 28–30, ஆள் 4–6.
4. சிவப்பு, வெற்று ரைடு.
5. நீல ரைடர் பிடிபட்டார்: 29–30, ஆள் 5–5.
6. சிவப்பு ஒருவரைத் தொட்டது: 30–30, ஆள் 6–4.
7. நீலம் ஒருவரைத் தொட்டது: 30–31, ஆள் 5–5.
8. சிவப்பு இருவரைத் தொட்டது: 32–31, ஆள் 7–3.
9. நீலத்துக்கு போனஸ்: 32–32, ஆள் 7–3.
10. சிவப்பு மூவரைத் தொட்டது, ஆல் அவுட்: 37–32, ஆள் 7–7.
அதன் பிறகு நீலத்துக்கு ஒரு போனஸ், சிவப்பின் ஒரு வெற்று ரைடு: 37–33.

ஆள் எண்ணிக்கையை எழுதியதால் இன்னொரு வசதி கிடைத்தது: கணக்கைத் தானாகவே சரிபார்க்கலாம். சிவப்புக்கு இந்த நேரத்தில் கிடைத்தது 37 கழித்தல் 24, அதாவது 13 புள்ளி. வெளியேறிய நீல ஆட்களை எண்ணினால் ஒன்பது பேர். அதோடு சூப்பர் டேக்கிளுக்குக் கூடுதல் ஒன்று, போனஸ் ஒன்று, ஆல் அவுட்டுக்கு இரண்டு. மொத்தம் பதின்மூன்று. இடிக்கவில்லை. தகரப் பலகையில் பன்னிரண்டுதான் வந்தது. எங்கே விட்டார்கள் என்று பின்னோக்கிப் போனால், முதல் ரைடிலேயே சூப்பர் டேக்கிளுக்கு ஒரு புள்ளி மட்டும் போட்டிருக்கிறார்கள், பாவம். பையன்களைக் குறை சொல்ல முடியாது, அந்த நேரத்தில் ஊரே எழுந்து கத்திக்கொண்டிருந்தது.

இந்த எண்ணிக்கையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். போனஸ் புள்ளிக்கும் சூப்பர் டேக்கிளின் கூடுதல் புள்ளிக்கும் வெளியே உட்கார்ந்திருக்கிற ஆள் உள்ளே வருவதில்லை. எதிராளியை வெளியேற்றியதற்குத்தான் ஆளுக்கு ஆள் திரும்பி வருவார்கள். முதலில் நான் போனஸுக்கும் ஒரு வட்டத்தை நிரப்பிவிட்டேன். அடுத்த ரைடில் வீடியோவில் தலையை எண்ணினால் ஒன்று குறைந்தது. அப்போதுதான் தெரிந்தது.

எண் எப்போது மாற வேண்டும்

முதல் வெட்டில் தொட்ட நொடியிலேயே எண்ணை மாற்றியிருந்தேன். இது பார்க்கிறவரின் மூச்சைப் பிடுங்கிவிடுகிறது. கபடியில் தொட்டதும் புள்ளி இல்லை, தொட்டுவிட்டு நடுக்கோட்டைத் தாண்டி வந்தால்தான் புள்ளி. அந்த இடைப்பட்ட இரண்டு மூன்று வினாடிதான் ஆட்டமே. பலகையில் எண் ஏறிவிட்டால் "வந்துருவானா" என்ற கேள்வியே செத்துப்போகிறது.

ஆகவே எனக்கு நானே மூன்று விதி வைத்துக்கொண்டேன். ரைடு தொடங்கும்போது அதற்கு முந்தைய ஸ்கோரும் வட்டங்களும் திரையில் இருக்க வேண்டும். விசில் கேட்டோ, ரைடர் கோட்டைத் தாண்டியோ ஒரு முழு வினாடி கழிந்த பிறகே எண் மாற வேண்டும். ஸ்லோமோ ஓடும்போது பலகையே இருக்கக் கூடாது. அந்த இடத்தில் "மறுபடியும்" என்ற ஒற்றைச் சொல் மட்டும். அப்பாரு கேட்ட மூன்றாவது கேள்விக்கு அதுதான் விடை.

ஆல் அவுட்டுக்கு எண்ணை இரண்டு படியாக ஏற்றினேன். முதலில் 32 இலிருந்து 35, நீல வட்டங்கள் ஏழும் காலி. இரண்டு வினாடி அப்படியே நிற்கும். பிறகு 37, பக்கத்தில் "ஆல் அவுட் +2", நீல வட்டங்கள் ஏழும் ஒரே நேரத்தில் நிறையும். ஸ்கோர் தாளில் 35 என்று ஒரு நிலை தனியாக நிற்காது, தெரியும். ஆனால் எண்ணிப் பார்க்கிற மனசுக்கு அந்தப் படி தேவைப்படுகிறது.

நடுவில் வெட்டி எறிந்த ஐந்து ரைடுக்கு (3 முதல் 7 வரை) ஆறு வினாடிப் பாலம் ஒன்று போட்டேன். டிராக்டர் மேல் உட்கார்ந்து பார்க்கும் கூட்டம், வேர்க்கடலை பொட்டலம், நடுவர் கை தூக்குவது. பலகை நடுவுக்கு வந்து "5 ரைடு: சிவப்பு +2, நீலம் +2" என்று காட்டிவிட்டு 30–31 ஆகி மேலே போகும். வேடிக்கை என்னவென்றால், ஆள் எண்ணிக்கை அந்த ஐந்து ரைடுக்கு முன்னும் 5–5, பின்னும் 5–5. வட்டங்களைத் தொடவே வேண்டியிருக்கவில்லை.

ஸ்லோமோ: லைட் செய்த சதி

கேமராக்கள் இரண்டு. பெரிய கேமரா சின்ன யானை வண்டியின் மேலே, ஸ்டாண்டில், பக்கவாட்டிலிருந்து களம் முழுக்கத் தெரியும்படி: வினாடிக்கு 50 ஃபிரேம், ஷட்டர் 1/100. இன்னொன்று மச்சான் கையில் போன், கடைக்கோட்டின் ஓரம்: வினாடிக்கு 120 ஃபிரேம். வீடியோவின் டைம்லைன் 25 ஃபிரேம். போனில் எடுத்ததை ஐந்து மடங்கு வரை மெதுவாக்கலாம், மண் தெறிப்பது தனித்தனியாகத் தெரியும் என்று கனவு கண்டேன்.

போட்டுப் பார்த்தால் படம் முழுக்கப் படபடவென்று துடிக்கிறது. சாதாரண வேகத்தில் அவ்வளவாகத் தெரியவில்லை, மெதுவாக்கினால் கண்ணைக் குத்துகிறது. காரணம் மின்சாரம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே மலிவான எல்இடி ஃபோகஸ் வினாடிக்கு 100 தடவை மங்கி மங்கி ஒளிரும். வினாடிக்கு 120 படம் எடுத்தால் ஒவ்வொரு படமும் அந்தத் துடிப்பின் வெவ்வேறு இடத்தில் விழும். இரண்டுக்குமான வித்தியாசம் 20, ஆகவே பதிவில் வினாடிக்கு இருபது தடவை வெளிச்சம் ஏறி இறங்கும். 120 ஃபிரேமை 25 இல் ஓட்டினால் 4.8 மடங்கு மெதுவாகும். அந்த இருபதும் வினாடிக்கு நாலு துடிப்பாக ஆகிவிடும். நாலு துடிப்பு என்பது பழுதான டியூப்லைட் மாதிரி.

ஷட்டரைத் திறந்து வைத்தால் தீரும் என்று முதலில் தோன்றும். துடிப்பைச் சமன்செய்ய ஒவ்வொரு படமும் வினாடியின் நூறில் ஒரு பங்கு நேரமாவது திறந்திருக்க வேண்டும். 120 ஃபிரேமில் ஒரு படத்துக்குக் கிடைக்கிற நேரமே 120 இல் ஒரு பங்குதான். கணக்கு உதைக்கிறது. 100 ஃபிரேமில், 1/100 ஷட்டரில் எடுத்திருந்தால் சரியாக வந்திருக்கும். மச்சானின் போனில் அந்த வேகம் இல்லை. பகல் போட்டியாக இருந்தால் இந்தப் பேச்சே எழுந்திருக்காது.

எனவே போன் ஸ்லோமோ மொத்தத்தையும் தூக்கிப் போட்டேன். இனி ராத்திரி போட்டிக்குப் போனால் எடுக்கும் முன் பத்து வினாடி எடுத்து, மெதுவாக ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் தொடங்குவேன். அங்கேயே தெரிந்துவிடும்.

மிச்சம் பெரிய கேமரா. 50 ஃபிரேமை 25 டைம்லைனில் சரிபாதி வேகத்தில் ஓட்டினால் ஒவ்வொரு படமும் ஒரு தடவை வரும், வழுக்கிக்கொண்டு போகும். அதற்கும் கீழே இறக்கினால் ஒரே படம் இரண்டு தடவை வந்து தடுக்கித் தடுக்கி ஓடும். இல்லாத படத்தை மென்பொருளே இட்டு நிரப்பும் வழியையும் முயன்றேன். கிரிக்கெட் பந்துக்கு அது ஒருவேளை ஒத்துவரலாம். ஏழு பேரின் கைகால் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கிற இடத்தில் ஒரு கை கரைந்து இன்னொருத்தர் முழங்காலாக முளைக்கிறது. ஆகவே 50 சதவீதம், அதற்குக் கீழே இல்லை. இன்னும் அழுத்தம் வேண்டிய இடத்தில் ஒரு வினாடி படத்தை அப்படியே நிறுத்திவிடுவது.

ஒன்பது ஸ்லோமோவை மூன்றாகக் குறைத்தேன்: சூப்பர் டேக்கிள், இரண்டாம் ரைடின் தொடுதல், ஆல் அவுட். சாதாரண வேகத்தில் கண்ணுக்குச் சிக்காத ஒன்று நடந்தால் மட்டும் ஸ்லோமோ. எட்டாவது ரைடில் இருவரைத் தொட்டது பளிச்சென்று தெரிந்தது, அதை மறுபடி காட்ட ஒன்றும் இல்லை.

இரண்டாம் ரைடின் போனஸைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு கால் போனஸ் கோட்டைத் தாண்டி ஊன்றும்போது பின்னங்கால் தரையில் படாமல் அந்தரத்தில் இருக்க வேண்டும், அப்போதுதான் போனஸ். ஸ்லோமோவுக்கென்றே பிறந்த காட்சி. ஆனால் என் கேமராவுக்கும் அந்தப் பின்னங்காலுக்கும் நடுவே நீல மூலைக்காரரின் முதுகு. மெதுவாக ஓட்டினால் காலும் தெரியாது, சண்டைதான் தெரியும். முதல் வெட்டைப் பார்த்த நீல ஊர்க்காரர் ஒருவர், "அது போனஸே இல்லீங், நீங்களே பாருங்" என்று போனில் அரை மணி நேரம் வாதாடினார். நடுவர் கொடுத்த தீர்ப்பை மறு விசாரணை செய்ய என்னை யாரும் கூப்பிடவில்லை. அந்த ஸ்லோமோவை எடுத்துவிட்டுக் கை தொட்ட இடத்தை மட்டும் வைத்தேன்.

வர்ணனை: வினைச்சொல் லேட்டாக வருகிறது

வர்ணனைக்கு வார்த்தை எண்ணிக்கை உதவாது. தமிழில் ஒரு வார்த்தை இரண்டு எழுத்தாகவும் இருக்கும், பன்னிரண்டு எழுத்தாகவும் இருக்கும். புள்ளி வைத்த எழுத்துகளை விட்டுவிட்டு மற்றவற்றை எண்ணினேன். விறுவிறுப்பாகப் பேசும்போது என் வாயில் வினாடிக்கு ஆறு வருகிறது. ஸ்டாப்வாட்ச் வைத்து நாலைந்து தடவை படித்துப் பார்த்துக் கண்ட எண் இது. உங்களுக்கு வேறாக இருக்கும்.

சூப்பர் டேக்கிள் ஸ்லோமோவுக்கு முதலில் நான் எழுதியது இது:

"இடது மூலையில் நின்ற தடுப்பாட்டக்காரர் மிகச் சரியான நேரத்தில் பாய்ந்து கணுக்காலைக் கைப்பற்றினார்."

எண்ணினால் முப்பத்து மூன்று எழுத்து, ஐந்தரை வினாடி. ஸ்லோமோ ஆறு வினாடி. அடங்குகிறது. ஆனால் படத்தில் கை கணுக்காலில் விழுவது இரண்டாவது வினாடியில். என் வாயில் "கணுக்கால்" வருவது நாலாவது வினாடிக்கு மேல். கை விழுந்து, ஆள் விழுந்து, மண் அடங்கிய பிறகு நான் கணுக்காலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன். தமிழ் வாக்கியத்தில் நடந்த காரியம் கடைசியில் வரும், யார் எங்கே எப்படி என்பதெல்லாம் முன்னால் வரிசை கட்டி நிற்கும். எழுத்துக்கு அது அழகு. ஸ்லோமோவுக்கு ஆகாது.

மாற்றியது:

"பாருங்க… எடது மூலை, கணுக்கால், புடிச்சாச்சு!"

பதினைந்து எழுத்து, இரண்டரை வினாடி. ஒன்றரை வினாடியில் "கணுக்கால்" வருகிறது. ஸ்லோமோ தொடங்கி அரை வினாடி சும்மா இருந்துவிட்டுப் பேசினால் சொல்லும் கையும் ஒரே நொடியில் விழுகின்றன. மிச்ச மூன்று வினாடி கூட்டத்தின் இரைச்சல்.

"தடுப்பாட்டக்காரர்", "கைப்பற்றினார்" எல்லாம் அதோடு போயின. களத்தில் மைக் பிடித்தவர் ராத்திரி முழுக்க "புடிச்சாச்சுங்கோ", "போயாச்சுங்கோ" என்றுதான் கத்தினார், அதைக் கேட்ட காதுக்கு ரேடியோச் செய்தித் தமிழ் ஒட்டவில்லை. ஆனால் எல்லா வரியிலும் "ங்கோ" போட்டால் கேலி மாதிரி ஆகிவிடுகிறது. மொத்த வீடியோவிலும் இரண்டே இடத்தில் வைத்தேன்.

இன்னொன்றும் இங்கே சொல்ல வேண்டும். நேரடிக் காட்சியில் தொடுதல் நடக்கும்போது வாயைத் திறக்கக் கூடாது. ரைடரின் "கபடி கபடி" மூச்சும் கூட்டத்தின் சத்தமும் அந்த இடத்தில் என்னைவிட நன்றாகப் பேசும். யார், எத்தனை பேர் என்பதை முன்னால் சொல்லிவிட வேண்டும். எப்படி என்பதை ஸ்லோமோவில். ஸ்லோமோவின் சொந்த ஒலியை முழுதாக அணைத்துவிட்டு, வேறு இடத்திலிருந்து எடுத்த கூட்ட இரைச்சலைத் தாழ்வாக ஓடவிட்டேன். மெதுவாக்கிய "கபடி" மாடு கத்துகிற மாதிரி இருக்கும்.

பத்தாவது ரைடுக்கான இறுதி ஸ்கிரிப்ட் இப்படி நின்றது. நேரம் எல்லாம் வீடியோவின் நேரம்.

1:29 நேரடி. பலகை 32–32, நீலத்தில் மூன்று வட்டம். "ரெண்டு பக்கமும் முப்பத்திரண்டு. நீலத்துல மூணே பேருங்க."
1:36 நேரடி. "இங்க புடிச்சா நீலத்துக்கு ரெண்டு பாயிண்ட்."
1:40 நேரடி. பேச்சில்லை. வலது மூலைக்காரரைக் கால் விரலால் தொடுகிறார். மற்ற இருவரும் கை கோத்து இடுப்பைக் கட்டுகிறார்கள்.
1:46.4 விரல் நுனி நடுக்கோட்டைத் தாண்டுகிறது. விசில். "மூணு பேரும் போயாச்சுங்கோ!"
1:47.4 பலகை 35–32, நீல வட்டம் ஏழும் காலி.
1:49.4 பலகை 37–32, "ஆல் அவுட் +2". "ஆல் அவுட்! கூட ரெண்டு!"
1:54 ஸ்லோமோ, 50 சதவீதம். பலகை மறையும், "மறுபடியும்". "மொதல்ல கால் வெரலு…" பிறகு மௌனம். "…இப்ப ரெண்டு பேரு இடுப்புல." மௌனம்.
2:08 விரல் கோட்டைத் தாண்டும் படத்தில் ஒரு வினாடி நிறுத்தம். "அந்த வெரலு!"
2:10 இயல்பு வேகம், கூட்டம். பலகை 37–33, "முடிவு".

எழுத்தை உடைக்கிற மென்பொருள்

பலகையில் தமிழ் எழுத முதலில் எடிட்டிங் மென்பொருளிலேயே முயன்றேன். அங்கே கொம்பு ஓர் இடத்தில், கால் இன்னோர் இடத்தில். "தொடுதல்" என்பது வாசிக்க முடியாத ஏதோவாக வந்தது. கூட்டெழுத்தைச் சேர்க்கத் தெரியாத பழைய பதிப்பு. ஒவ்வொரு நிலைக்கும் ஒரு படம் செய்து ஒட்டுவது ஒரு வழி. ஆனால் ஓர் எண் மாறினால் எல்லாப் படமும் மாற வேண்டும்.

நான் போன வழி: பலகையை வசனக் கோப்பாக, அதாவது சப்டைட்டிலாக எழுதுவது. ASS வகைக் கோப்பில் ஒவ்வொரு வரிக்கும் தொடக்க நேரம், முடிவு நேரம், எழுத்து. இடம், நிறம், எழுத்துருவை மேலே ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும். அதைப் படத்தில் பதிக்கும்போது தமிழ் சரியாகச் சேர்ந்து வருகிறது. ஆல் அவுட் பகுதி இவ்வளவுதான்:

```
Dialogue: 0,0:01:29.00,0:01:47.40,Score,,0,0,0,,சிவப்பு 32 ●●●●●●●  நீலம் 32 ●●●○○○○
Dialogue: 0,0:01:47.40,0:01:49.40,Score,,0,0,0,,சிவப்பு 35 ●●●●●●●  நீலம் 32 ○○○○○○○
Dialogue: 0,0:01:49.40,0:01:54.00,Score,,0,0,0,,சிவப்பு 37 ●●●●●●●  நீலம் 32 ●●●●●●●  ஆல் அவுட் +2
```

1:54 இலிருந்து 2:10 வரை ஸ்கோர் வரியே இல்லை, ஆகவே ஸ்லோமோவில் பலகையும் இல்லை. பதிப்பதற்கு:

```
ffmpeg -i reel.mp4 -vf "ass=score.ass" -c:a copy final.mp4
```

நேரங்களைக் கண்ணால் பார்த்துப் போட்டால் தப்பும். துண்டு முழுப் பதிவில் தொடங்கும் நேரம் 48:12.0, விரல் கோட்டைத் தாண்டியது 48:29.4. வித்தியாசம் 17.4 வினாடி. துண்டு வீடியோவில் 1:29 இல் தொடங்குகிறது, ஆகவே தாண்டும் நேரம் 1:46.4. ஒரு வினாடி கூட்டினால் எண் மாறும் நேரம். ஸ்லோமோவில் அந்தத் துண்டுக்கான வித்தியாசத்தை இரண்டால் பெருக்க வேண்டும். அதை மறந்துதான் ஒரு தடவை "அந்த வெரலு!" என்ற வரி விரல் வருவதற்கு வெகு முன்னாலேயே வந்து, நானே பயந்துபோனேன்.

இதற்கெல்லாம் முன்னால் வெட்டு முடிந்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் பலகை முழுக்க எழுதி முடித்த பிறகு, தொடக்கக் காட்சி நீளம் என்று தோன்றி இரண்டு வினாடி குறைத்தேன். அத்தனை வரியும் இரண்டு வினாடி தள்ளிப்போனது. உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினேன். அதன் பிறகு வெட்டில் கை வைக்கவே இல்லை.

ஆறாம் நாள் சாயங்காலம், 2 நிமிடம் 20 வினாடியை மறுபடி அப்பாருக்குப் போட்டுக் காட்டினேன். ஆல் அவுட் வந்ததும் நீல வட்டம் ஏழும் காலியானது, அவர் விரலை மடக்கினார். 35 வந்தது. "கூட ரெண்டு" என்றார், நான் சொல்வதற்கு முன்னாலேயே. அப்புறம் ஸ்லோமோவில் அந்தக் கட்டுப் பிடியைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் இடுப்பப் போயிப் புடிச்சிருக்கறாங்க பாரு. கைய விட்டுட்டாங்க. கையிதான் கோட்டுக்குப் போவுது" என்றார்.

அந்த வரி என் வர்ணனையைவிட நன்றாக இருந்தது. மறுநாள் காலையில் "…இப்ப ரெண்டு பேரு இடுப்புல" என்பதற்குப் பின்னால் "கைய விட்டுட்டாங்க" என்று சேர்த்து மறுபடி பதிவு செய்தேன். ஆறு எழுத்து, ஒரு வினாடி. இடம் இருந்தது.